பிள்ளை வந்த சேதியை எப்படி எழுதுவது?

தத்தெடுத்த மகிழ்ச்சியில் பலர் இப்படி எழுதிப் படத்தோடு பகிர்கிறார்கள்: "மதுரை காப்பகத்தில் அநாதையாக இருந்த நிலாவுக்கு வாழ்வு கொடுத்தோம். பெற்றவள் மருத்துவமனையிலேயே விட்டுப் போனாளாம்."

பெயர், ஊர், காப்பகம், விட்டுப்போன இடம் எல்லாம் சேர்ந்தால் குழந்தையை எவரும் அடையாளம் கண்டுவிடலாம். தத்து ஆணை வரும்முன் குழந்தை வளர்ப்புப் பராமரிப்பில்தான் வீட்டுக்கு வருகிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தையோ படத்தையோ வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடுக்கிறது. ஆறு மாதம்வரை சிறை, 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே ஆணை கைக்கு வரும்வரை எதுவும் பகிராதீர்கள்.

வந்தபின்னும் பிறப்புக் கதை குழந்தையுடையது. பத்து வயதில் வகுப்புத் தோழன் அந்தப் பதிவைப் படித்துக் காட்டுவதை நினைத்துப் பாருங்கள். தன் பிறப்பைப் பற்றி அது முதலில் உங்களிடம்தான் கேட்டறிய வேண்டும். "வாழ்வு கொடுத்தோம்" என்பதும் வேண்டாம், அது பிள்ளையைக் கடன்காரியாக்குகிறது.

நான் எழுதினால் இவ்வளவுதான்: "எங்கள் வீட்டுக்கு மகள் வந்திருக்கிறாள். நாங்கள் அம்மா, அப்பா ஆகிவிட்டோம். அவள் கதையை அவளே ஒருநாள் சொல்வாள். இப்போது கேட்காமல் வாழ்த்துங்கள்."

படம் வேண்டுமென்றால் முகம் தெரியாமல், விரலைப் பிடித்த பிஞ்சுக் கை போதும். பாட்டிக்கும் சித்தப்பாவுக்கும் முன்பே சொல்லிவையுங்கள். விவரம் கசிவது பெரும்பாலும் உறவினரின் பின்னூட்டத்தில்தான்.