கரண்டி நின்ற கணம்

நடிகர் ஒருவர் எதுவும் செய்யாமல் நின்றாலும் அவருடைய மார்பு மூச்சினால் ஏறி இறங்கும். இமைகள் தாமாகவே மூடித் திறக்கும். அசைவூட்டப் படத்தில் நிற்கும் உருவத்திற்கு இவை எதுவும் தாமாக வாய்ப்பதில்லை. உரையாடல் இன்றித் துயரத்தைக் காட்ட முனையும் கலைஞர், அசையாமல் இருப்பதையும் வரைந்தே ஆகவேண்டும்.

உரையாடலே இல்லாத அசைவூட்டப் படங்கள் நம் நாட்டிலும் உருவாகியுள்ளன. கீதாஞ்சலி ராவ் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ‘பிரின்டட் ரெயின்போ’ என்னும் குறும்படம், பூனையுடன் தனித்து வாழும் மூதாட்டி ஒருவரைப் பற்றியது. அவருடைய அன்றாட உலகம் சாம்பல் நிறத்திலும், அவர் சேர்த்து வைத்திருக்கும் தீப்பெட்டிப் படங்களின் உலகம் பல வண்ணங்களிலும் விரிகின்றன. பேச்சு செய்யவேண்டிய வேலையை அங்கு நிறம் செய்துவிடுகிறது.

2009இல் பிக்சார் நிறுவனம் வெளியிட்ட ‘அப்’ திரைப்படத்தின் தொடக்கப் பகுதியில் வேறொரு வழியைக் காணலாம். குழந்தையை எதிர்பார்த்திருந்த கார்ல், எல்லி இணையரிடம் மருத்துவர் ஏதோ கூறுகிறார். அவர் கூறுவது நமக்குக் கேட்பதில்லை. அறைக்கு வெளியே விலகி நின்றே நாம் அதைக் காண்கிறோம். எல்லி முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டிருக்கிறார். பிறகு அவர் தோட்டத்தில் கண்மூடி அமர்ந்திருக்கிறார். உடலில் அசைவில்லை, காற்றில் கூந்தல் மட்டும் அசைகிறது. அந்தச் சிறு அசைவே, அசையாதிருக்கும் உருவத்தை உயிருள்ளதாக நம்மை உணரச் செய்கிறது.

இம்முறையைக் கொண்டு நாமே ஒரு காட்சியை அமைத்துப் பார்ப்போம். இடம், கள்ளிக்குப்பத்தில் ஒரு சிறு வீடு. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் காலைப் பணிக்குச் சென்றுவந்த கணவர் அண்மையில் இறந்துவிட்டார். மனைவி வழக்கம்போல் விடியலில் எழுந்து, அவருக்கு உணவு கட்டத் தொடங்குகிறார்.

முதல் காட்சித்துண்டில் வாயிலோரம் சாத்தியுள்ள மிதிவண்டி தெரிகிறது. இருக்கையில் தூசி படிந்துள்ளது, பின்சக்கரத்தில் காற்றில்லை. மாலையிட்ட ஒளிப்படத்தைக் காட்டுவதும் இயலும். ஆயினும் அது செய்தியை முழுவதும் முன்னரே சொல்லிவிடும். பார்ப்பவர் உய்த்துணர ஒன்றும் மிஞ்சாது. மிதிவண்டி பாதியைச் சொல்லும், அது போதும்.

இரண்டாம் காட்சித்துண்டு, கூடத்திலிருந்து சமையலறைக் கதவுநிலையின் வழியே அமைகிறது. அப்பெண்மணியின் முதுகு மட்டுமே தெரிகிறது. மேடைமீது டிபன் கேரியரின் மூன்று அடுக்குகள் வரிசையாக உள்ளன. முதல் அடுக்கில் ஒரு கரண்டி சோறு விழுகிறது. இரண்டாவது கரண்டி பானைக்கும் அடுக்குக்கும் நடுவில் நின்றுவிடுகிறது.

இந்த இடைநிறுத்தத்திற்கு இரண்டரை நொடி தரலாம். ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் என்பதால் இதற்கு 60 சட்டகங்கள் ஆகும். முதல் 24 சட்டகங்களில் சோற்றின் ஆவியைத் தவிர வேறெதுவும் அசைவதில்லை. அடுத்த 16 சட்டகங்களில் தோள்கள் சிறிதளவு தாழ்கின்றன. அசைவு மெல்லத் தொடங்கி மெல்ல அடங்கவேண்டும். இதே தாழ்வை நான்கு சட்டகங்களில் முடித்தால் அவர் திடுக்கிட்டதாகவோ தோளைக் குலுக்கியதாகவோ தோன்றிவிடும். எஞ்சிய 20 சட்டகங்களில் மீண்டும் ஆவி மட்டுமே அசைகிறது. பின்னர்க் கரண்டி பானைக்குத் திரும்புகிறது.

இவ்விடத்தில் முகத்தை அண்மையில் காட்டிக் கண்ணீரை வரைய வேண்டும் என்ற ஆசை தொடக்கநிலைக் கலைஞர் பலருக்கும் எழும். அழுகின்ற முகத்தைக் கண்டவுடன் பார்ப்பவர் அவருக்காக இரங்குவர். முதுகைக் கண்டால் அவர் என்ன நினைக்கிறார் என்று தாமும் நினைக்கத் தொடங்குவர். பின்னதே வலிமையானது என்பது என் கருத்து.

மூன்றாம் காட்சித்துண்டுதான் ஒரே அண்மைக்காட்சி. அதில் கைகள் மட்டும் தெரிகின்றன. வெறும் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொக்கியை மாட்டுகின்றன. மாட்டும் ஓசை கேட்டபிறகும் கட்டைவிரல் கொக்கியின் மேலேயே சற்று நிற்கிறது.

முழுமையாக வரைவதற்கு முன்னர், கதைப்பலகை ஓவியங்களை உரிய கால அளவில் கோத்து, கதை அறியாத ஒருவருக்கு இசையின்றிக் காட்டவேண்டும். அவர், “உப்புப் போட மறந்துவிட்டாரா?” என்று கேட்டால் குறை இடைநிறுத்தத்தில் இல்லை, மிதிவண்டி அவர் கண்ணில் படவில்லை. அக்காட்சித்துண்டை ஒரு நொடி நீட்டவேண்டும். “படம் நின்றுவிட்டதா?” என்று கேட்டால் ஆவியின் அசைவு போதவில்லை. அவர் ஒன்றும் கேட்காமல் கொக்கி மாட்டப்படும்வரை பார்த்திருந்தால், வரையத் தொடங்கலாம்.