தீபாவளிப் பரிசுப் பெட்டியில் ஒரு ஃபிளாஸ்க்கை வைத்தால் என்ன ஆகும்?

ஆவணி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம், கீழப்பாவூரிலிருந்து பாவூர்சத்திரம் வரை, தீபாவளிப் பரிசுப் பெட்டிக்கான பேச்சு ஆரம்பித்துவிடும். கோவில்பட்டி கடலை மிட்டாய், உடன்குடி கருப்பட்டி, முந்திரி, ஒரு அகல் விளக்கு, அதோடு ஏதாவது ஒரு பாத்திரம். எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடுக்கி, “பெட்டி ஆயிரம் ரூபாய், முந்நூறு எடுத்தா விலை குறைச்சுத் தாரோம்” என்று கம்பெனிகளுக்குக் கொட்டேஷன் அனுப்புவார்கள். மத்தளம்பாறையில் ஜோஹோ வந்த பிறகு இந்தப் பக்கத்து ஆட்களுக்கும் “கம்பெனி ஆர்டர்” என்பது தூரத்துச் சங்கதியாக இல்லை.

அப்படி அனுப்பப்படும் சில கொட்டேஷன்களை உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். பொருளில் குறை ஒன்றும் இல்லை, ருசியும் நன்றாகவே இருக்கும். ஆனால் “ஒரே விலை” என்று போட்டிருக்கிறார்களே, அந்த ஒரு வரியில்தான் பணம் ஒழுகிப் போகிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மத்திய ஜிஎஸ்டி சட்டம், 2017-இல் “கலப்பு வழங்கல்” என்று ஒரு சங்கதி உண்டு. தனித்தனியாக விற்கக்கூடிய இரண்டு மூன்று பொருள்களைச் சேர்த்து ஒரே விலைக்குக் கொடுத்தால் அது கலப்பு வழங்கல். இதற்குச் சட்டமே ஒரு உதாரணமும் தருகிறது. டப்பாவில் அடைத்த உணவு, இனிப்பு, சாக்லேட், கேக், உலர் பழம், சோடா பானம், பழச்சாறு எல்லாம் ஒரே விலைக்கு வரும் ஒரு பொதி. சட்டம் எழுதியவர் மேஜையில் ஒரு தீபாவளிப் பெட்டி இருந்திருக்கும் போல! இப்படிப்பட்ட பொதிக்கு விதி என்னவென்றால், உள்ளே இருப்பவற்றில் எதற்கு அதிக வரியோ அந்த வரிதான் மொத்தப் பெட்டிக்கும்.

கணக்காகவே பார்த்துவிடுவோம். வரிக்கு முந்திய விலையில் கடலை மிட்டாய், கருப்பட்டி, முந்திரி, அட்டைப்பெட்டி எல்லாம் சேர்ந்து 650 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே சூடு காக்கும் ஃபிளாஸ்க் ஒன்று, 350 ரூபாய். ஆக 1,000. 2025 செப்டம்பர் 22-க்குப் பிந்தைய விகிதப்படி, பாக்கெட்டில் லேபிள் ஒட்டி வரும் அந்தத் தின்பண்டங்களுக்கு 5 சதவீதம், ஃபிளாஸ்க்குக்கு 18 சதவீதம்.

தனித்தனியாக விற்றால் 650-க்கு 32.50, 350-க்கு 63, மொத்த வரி 95.50. ஒரே விலையில் போட்டால் ஆயிரத்துக்கும் 18 சதவீதம், அதாவது 180. பெட்டிக்கு 84.50 கூடுதல். முந்நூறு பெட்டிக்கு 25,350 ரூபாய். அழகுக்காக ஒரு பாட்டில் சோடா பானம் வைத்தீர்களானால் அதற்கு 40 சதவீதம், கடலை மிட்டாயும் 40 சதவீதமாகிவிடும்.

“அதனால என்ன, கம்பெனிக்காரங்களுக்கு இன்புட் கிரெடிட் திரும்பி வந்துடுமே” என்று விற்கிறவர்கள் சொல்வதுண்டு. வராது. அதே சட்டத்தின் 17(5)(h) பிரிவு, பரிசாகக் கொடுத்துவிடும் பொருளுக்கு இன்புட் கிரெடிட் கிடையாது என்று தெளிவாகவே சொல்கிறது. ஒரு ஊழியருக்கு ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய் வரை கொடுக்கும் பரிசு “வழங்கல்” ஆகாது என்று இன்னொரு இடத்தில் வருகிறது. அதை வைத்துப் பலர் குழம்புகிறார்கள். கம்பெனி தன் ஊழியருக்குக் கொடுக்கும்போது மேற்கொண்டு வரி கட்ட வேண்டாம் என்பதுதான் அதன் பொருள். வாங்கும்போது கட்டிய வரி திரும்பி வரும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஆகவே வாங்குகிற கம்பெனிக்கு அந்த 180-ம் முழுச் செலவுதான். அங்கே இருக்கும் கணக்குப்பிள்ளைக்கு இது தெரியும். கிரெடிட் கிடைக்கும் என்று எழுதிய கொட்டேஷனை அவர் எப்படிப் படிப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, என்ன செய்யலாம்? கொட்டேஷனிலேயே ஒவ்வொரு பொருளுக்கும் தனி விலை, தனி வரி என்று வரிவரியாகப் போடலாம். “ஒரே விலை” என்பது இல்லாவிட்டால் கலப்பு வழங்கல் என்ற பேச்சும் இல்லை. ஆனால் பில்லில் மட்டும் பிரித்துப் போட்டுவிட்டு, கொட்டேஷனிலும் பர்ச்சேஸ் ஆர்டரிலும் “பெட்டி 1,000 ரூபாய்” என்று விட்டுவைத்தால் ஆபீசர் கேள்வி கேட்க இடம் இருக்கிறது. பெட்டி மேலே ஒரே எம்ஆர்பி ஒட்டினாலும் அப்படித்தான். மூன்று காகிதமும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஃபிளாஸ்க் வேண்டாம் என்று கம்பெனி சொன்னால் 350-ஐக் கழித்துக் கொடுக்க நாம் உண்மையிலேயே தயாராகவும் இருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்த வழி இதைவிட எளிது. ஃபிளாஸ்க்கை எடுத்துவிட்டு அதே விலையில் ஒரு எவர்சில்வர் சம்படம் வைத்துவிடலாம். அதற்கும் 5 சதவீதம்தான். மொத்தப் பெட்டியும் 5-க்குள் அடங்கிவிடும், வாதமே வேண்டாம். கடலை மிட்டாயைக் கொட்டி வைக்கவும் ஆகும்.

வரியை விட்டால் அடுத்த எதிரி மழை. தீபாவளி ஐப்பசியில் வருகிறது, வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். வெல்லமும் கருப்பட்டியும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அட்டைப்பெட்டியில் சும்மா காகிதம் சுற்றி வைத்த கடலை மிட்டாய், பத்து நாளில் கடித்தால் நொறுங்காமல் பல்லில் ஒட்டும். கருப்பட்டியின் மேற்புறம் வியர்த்துப் பிசுபிசுக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காற்றுப்புகாத கவரில் சீல் வைக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைக் கேட்காத கம்பெனி கிடையாது. ஆனால் அது பால் சமாச்சாரம், ஈரம் உள்ளது, சில நாள்தான் தாங்கும். பெட்டி நம்மிடமிருந்து கிளம்பி, அவர்கள் ஸ்டோர் ரூமில் ஒரு வாரம் கிடந்து, பிறகு ஊழியர் வீட்டுக்குப் போகிறது. அதற்குள் புளித்துவிடும். கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவதே மரியாதை. ஒரு பெட்டியைக் கட்டி, நம் வீட்டு மச்சிலேயே மூன்று வாரம் வைத்துத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் சாம்பிள் அனுப்புவது நல்லது.

கூரியரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஊழியர்கள் வீட்டுக்கே அனுப்பச் சொல்லும் ஆர்டர்களில் எடையை மட்டும் பார்த்து விலை சொல்லிவிடக் கூடாது. பல கூரியர்களில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். வருகிற கிலோவோ உண்மையான எடையோ, எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். நம் பெட்டி உண்மையில் 1.9 கிலோ. பார்க்கப் பெரிதாக இருக்கட்டும் என்று 36×30×14 அளவில் பெட்டி அடித்தால் கணக்கு 3.02 கிலோ வரும். அரைக் கிலோ படியாக ஏற்றிப் போடும் இடத்தில் அது 3.5 ஆகிவிடும். அந்த 0.02-க்காக அரைக் கிலோ! அதே சாமான்களை 32×24×11 பெட்டியில் நெருக்கி அடுக்கினால் 1.69தான். அப்போது உண்மை எடைப்படி 2 கிலோ கட்டணத்தோடு முடிந்தது. வைக்கோல் காகிதத்தை உள்ளே நிரப்பிப் பெட்டியைப் பெருக்குவது கடை அலமாரிக்குச் சரி, கூரியருக்குச் சரிப்படாது.

கடைசியாக ஒன்று. வங்கி, பொதுத்துறை நிறுவனம் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறவர்கள் அதை ஒருமுறை திருத்திக்கொள்ளலாம். தீபாவளிக்கும் மற்றப் பண்டிகைகளுக்கும் பரிசுப்பொருள் வாங்கப் பணம் செலவழிக்கக் கூடாது என்று மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத்துறை 2025 செப்டம்பரில் உத்தரவு போட்டிருக்கிறது, பொதுத்துறை நிறுவனங்களையும் சேர்த்து. அந்தக் கதவைத் தட்டுவதற்குப் பதில், ஊழியர் எண்ணிக்கை நூறுக்குள் இருக்கும் தனியார் மில், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று பக்கத்திலேயே தேடலாம். அங்கெல்லாம் முதலாளியே நேரில் வந்து பெட்டியைத் திறந்து, ஒரு துண்டு மிட்டாயைக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் விலையே கேட்பார்.