பசிக்கும்போது பிரிக்க ஒரு கடிதம்

உடம்பைக் குறைப்பது என்று முடிவெடுக்கிற நாளில் பெரும்பாலும் வயிறு நிறைந்திருக்கும். மனசும் முறுக்கேறியிருக்கும். மூன்றாம் வாரம் ராத்திரி பத்து மணிக்கு ஃப்ரிட்ஜைத் திறந்து நிற்கப்போவதும் அதே ஆள்தான் என்பது அப்போது உறைக்காது. பசியில்லாத மனிதனால் பசித்த தன்னைச் சரியாகக் கணிக்க முடிவதில்லை என்று ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் நிறைய எழுதியிருக்கிறார். முதல் நாளே தனக்குத்தானே கடிதம் எழுதி வைப்பவர்கள் தாண்டப் பார்ப்பது இந்தப் பள்ளத்தைத்தான்.

கடிதத்தில் காரணம் முதலில் வரும். ‘தங்கை கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதினால், கல்யாணம் முடிந்த மறுநாள் காரணமும் முடிந்துவிடும். 84 கிலோ எடையுள்ள, மேசை வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் இப்படி எழுதலாம்: “குனிந்து ஷூ கயிறு கட்ட மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மூன்று மாத சர்க்கரை சராசரி 6.1. இது 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோயாளி.” இதற்குக் காலாவதித் தேதி கிடையாது.

அடுத்தது சறுக்கல். இதைத்தான் பலர் எழுதாமல் விடுகிறார்கள்.

1975-இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் ஒரு சோதனை நடத்தினார்கள். சிலருக்கு மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வைத்தார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருந்தவர்களில், மில்க் ஷேக் குடித்தவர்களே ஐஸ்கிரீமையும் அதிகம் சாப்பிட்டார்கள். ‘எப்படியும் கெட்டுப்போச்சு, இன்னிக்கு ஒருநாள் சாப்பிட்டுக்கலாம்’ என்கிற கணக்குதான்.

நம் ஆளுக்கு இந்தச் சறுக்கல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணியாக வருகிறது. திங்கள் காலை எடை மெஷின் ஒன்றரை கிலோ கூடுதலாகக் காட்டும். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிகையாக வேண்டும். ஒன்றரை கிலோவுக்குப் பதினோராயிரத்துக்கும் மேல். பிரியாணியில் மிகையானது 800 என்று வைத்தால், சேர்ந்த கொழுப்பு சுமார் நூறு கிராம்தான். மிச்சமெல்லாம் உப்பும் மாவுச்சத்தும் பிடித்துவைத்த தண்ணீரும், இன்னும் வயிற்றில் கிடக்கிற சாப்பாடும். சில நாளில் இறங்கிவிடும். திங்கள் காலை இந்தக் கணக்கைப் போடுகிற பொறுமை யாருக்கு இருக்கும்? அதனால் முன்பே போட்டுக் கடிதத்தில் எழுதிவிட வேண்டும்.

கூடவே ஒரு கட்டளை வரியும் வேண்டும். ‘இப்படி நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்ட திட்டங்கள், வெறும் சபதத்தைவிட அதிகம் நிறைவேறுவதைப் பீட்டர் கால்விட்ஸர் என்ற ஜெர்மன் உளவியலாளர் காட்டியிருக்கிறார். “மதியம் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டால், ராத்திரி பட்டினி கிடக்கமாட்டேன்; வழக்கமான இரண்டு இட்லி, சாம்பார். எடை மெஷினில் வியாழக்கிழமைதான் ஏறுவேன்” என்பது அப்படிப்பட்ட வரி. ‘மனஉறுதியோடு இருப்பேன்’ என்பது அல்ல.

எடை 76-க்கு வந்ததும் கடிதத்தைத் திருத்த வேண்டியிருக்கும். இளைத்த உடம்புக்குச் செலவாகும் கலோரியும் குறைவு என்பதால், முதல் மாதச் சாப்பாட்டு அளவிலேயே எடை இறங்காமல் நின்றுவிடும். வாரம் தவறாமல் யாருக்கும் தெரியாமல் அள்ளிச் சாப்பிட்டுவிட்டுக் குமைகிறவருக்கு இந்தக் கடிதம் போதாது. அவர் பார்க்க வேண்டியது மருத்துவரை.