குளிரில் சார்ஜ் ஏறும்போது என்ன நடக்கிறது?

ஜனவரியில் லே நகரின் தெருவில் வெளியே எடுத்த போன், 40 சதவீதம் காட்டியபடியே அணைந்துவிடலாம். பேட்டரி கெடவில்லை. கடுங்குளிரில் அதனுள்ளே லித்தியம் அயனிகளின் ஓட்டம் மந்தமாகிறது. போன் கேட்கும் மின்னோட்டத்தைத் தரும்போது மின்னழுத்தம் சரிகிறது. சட்டைப்பைக்குள் வைத்து உடல்சூடு பட்டால் மிச்ச சார்ஜ் திரும்பிவிடும்.

ஆபத்து, அந்த நிலையிலேயே சார்ஜரில் செருகுவதில்தான். சார்ஜ் ஏறும்போது அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் நுழைய வேண்டும். 0 டிகிரிக்குக் கீழே அவை நுழையும் வேகம் போதாது. பின்னால் வருபவை வாசலிலேயே தேங்கி, கிராஃபைட்டின் மேல் லித்தியம் உலோகமாகப் படிகின்றன. அதில் ஒரு பகுதி மறுபடி பயன்படாது. அந்த அளவுக்குக் கொள்ளளவு நிரந்தரமாகப் போகிறது. படிவு ஊசிபோல் வளர்ந்து நடுவிலுள்ள மெல்லிய தடுப்பைத் துளைத்தால் ஷார்ட் சர்க்யூட்டே ஆகலாம். இதனால்தான் பல போன்கள் வெப்ப உணரியைப் பார்த்து, குளிரில் சார்ஜை மறுக்கின்றன. அறைக்குள் கொண்டுவந்து, தொட்டால் சில்லென்று இருப்பது போகும் வரை பொறுத்துச் செருகுங்கள்.

வெயிலில் நிறுத்திய காரில் விட்ட போனில் நடப்பது வேறு. அங்கே தேவையற்ற வேதிவினைகள் வேகமெடுக்கின்றன, சார்ஜ் போடாமலே. நிறைய சார்ஜ் இருந்தால் சேதம் இன்னும் அதிகம். போனின் பின்மூடி மேலெழும்பினால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. பிறகு சார்ஜரைத் தொடவே கூடாது.