வெட்டிய பேச்சு எங்கே போகிறது?

ரீப்பர் மென்பொருளில் பாட்காஸ்ட் எடிட் செய்யும்போது ஒரு பேச்சை வெட்டினால், ஒலிப்பதிவு வெட்டப்படுவதில்லை. தொகுப்பாளருக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று எனப் பதிவான WAV கோப்புகள் அப்படியே இருக்கும். எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை ஒலிக்க வேண்டும் என்பதை மட்டும் .rpp என்ற சிறு கோப்பு குறித்துக்கொள்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் குறிப்பையே மாற்றிச் சேமித்துக்கொண்டிருந்தால் பழைய வடிவம் போய்விடும். அதனால் ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கும் முன் Save new version of project கொடுங்கள். எண் கூடிய புதுக் கோப்பு உருவாகும், முந்தையது தொடப்படாது.

மூன்று வாரம் கழித்து, மூன்றாம் பதிப்பில் நீக்கிய நாற்பது நொடிப் பதில் வேண்டும் என்கிறார் விருந்தினர். இப்போது ஏழாம் பதிப்பில் இருக்கிறீர்கள். பின்னோக்கிப் போக வேண்டாம். போனால் இடையில் செய்த வேலை எல்லாம் வீண். இரண்டாம் பதிப்பைத் தனி டேபில் திறந்து, அந்தத் துண்டை இரண்டு டிராக்கிலும் சேர்த்தே நகலெடுங்கள். ஒன்றை விட்டால் சிரிப்பும் 'ம்' கொட்டுவதும் காணாமல் போகும். ஏழாம் பதிப்பில் வெட்டிய இடத்தில், எல்லா டிராக்குக்கும் ரிப்பிளை இயக்கிவிட்டு ஒட்டுங்கள். பின்னணி இசை அங்கே ஓடினால், அது நகர்ந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

உண்மையான ஆபத்து Clean current project directory. திறந்திருக்கும் பதிப்பு பயன்படுத்தாத கோப்புகளை அது நீக்கப் பட்டியலிடும். பழைய பதிப்புக்குத் தேவையானதும் அதில் இருக்கலாம்.