திரும்பி வரும் பணத்துக்கு ஓர் எண் உண்டு

ஆர்டரை ரத்து செய்தாயிற்று, ‘ரீஃபண்ட் அனுப்பப்பட்டது’ என்று செயலியும் சொல்கிறது, ஆனால் கணக்கில் காசு ஏறவில்லை. விற்பனைத் தளத்தைக் கேட்டால் வங்கியைக் கைகாட்டுகிறது. வங்கியோ எதுவும் வரவில்லை என்கிறது. இரண்டு பேரிடமும் “என் பணம் எங்கே?” என்று கேட்பதால் பயனில்லை. “அந்த ரீஃபண்டின் ஏஆர்என் என்ன?” என்று தளத்திடம் கேட்பதே சரி. ரீஃபண்ட் என்பது பழைய பற்றை அழிப்பதல்ல, எதிர்த்திசையில் போகும் புதிய பரிவர்த்தனை. தளம் கேட்வேக்குச் சொல்லும், கேட்வே விற்பவரின் வங்கிக்குச் சொல்லும், அந்த வங்கி விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்பு வழியாக உங்கள் வங்கிக்கு அனுப்பும். ‘அனுப்பப்பட்டது’ என்ற வாசகம் பெரும்பாலும் முதல் படி முடிந்ததையே குறிக்கும். ஏஆர்என்னோ விற்பவரின் வங்கி ரீஃபண்டை வலையமைப்பில் சேர்க்கும்போது உருவாவது. அந்த எண்ணைத் தர முடியவில்லை என்றால், பணம் இன்னும் விற்பவர் பக்கம்தான் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

கார்டுக்கான ஏஆர்என் 23 இலக்கம் கொண்டது. அதன் 8 முதல் 11 வரையுள்ள நான்கு இலக்கங்கள் தேதியைச் சொல்லும். அங்கே 5142 என்று இருந்தால், 5 என்பது 2025, 142 என்பது அவ்வாண்டின் 142ஆவது நாள், அதாவது மே 22. மே 10ஆம் தேதியே அனுப்பிவிட்டதாகத் தளம் சொல்லியிருந்தால், தாமதம் யாருடையது என்பது அந்த எண்ணிலேயே தெரிந்துவிடும். யுபிஐயில் கட்டியிருந்தால் 12 இலக்கக் குறிப்பு எண்ணைக் கேட்க வேண்டும். எண்ணோடு போனால் வங்கி அந்த ஒரு பரிவர்த்தனையைத் தேடலாம். எண் இல்லாமல் போனால் ‘காத்திருங்கள்’ என்பதைத் தவிர அவர்களுக்கும் சொல்ல ஒன்றுமில்லை.

எண்ணே இல்லாத ரீஃபண்டும் உண்டே என்று கேட்கலாம். உண்டு. கார்டில் பற்று இறுதியாகும் முன்பே ரத்து செய்தால், பிடித்து வைத்த தொகை விடுவிக்கப்படும். புதிய வரவு எதுவும் வராது, பழைய பற்றே மறைந்துபோகும். ஸ்டேட்மென்டில் அந்தப் பற்று இறுதிப் பதிவாக நிற்கிறதா என்று பார்த்தால் இதைத் தெரிந்துகொள்ளலாம். நிற்கிறது என்றால், தொகை விடுவிக்கப்பட்டுவிட்டது என்ற சமாதானம் செல்லாது. தாமதத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டே என்பது இன்னொரு வாதம். ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை சொல்லும் அந்தத் தொகை, பணம் பிடிக்கப்பட்டும் பரிவர்த்தனை தோல்வியடைந்த நேர்வுகளுக்கு உரியது. வெற்றிகரமாக முடிந்த ஆர்டரைப் பிறகு திருப்பிக் கொடுத்ததற்கு அதைக் காட்டி வாதாடினால் புகார் பலவீனப்படும்.

தளம் எண் தராவிட்டால் அதன் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதிலும் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எண் இருந்தும் வங்கி அசையாவிட்டால் முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் முறையிடலாம்.