பந்தியில் கேட்ட சிரிப்பு

கல்யாண வீடுகளில் அடிக்கடி நடப்பதுதான். முகூர்த்தத்துக்கு முந்தின இரவு, மண்டபத்து மொட்டைமாடியில் சித்தப்பாவும் அண்ணன் மகனும் உட்கார்ந்து டிபன் சாப்பிடுகிறார்கள். பையனுக்கு இருபத்திரண்டு வயது. கொஞ்சம் பருமன். நாலாவது தோசையை எடுக்கும்போது சித்தப்பா சொல்கிறார்: "மெதுவாடா, ஜேசிபி மாதிரி அள்ளுறியே." பையன் சிரிக்கிறான். "உங்க தொப்பையைப் பாருங்க சித்தப்பா முதல்ல" என்று திருப்பிக் கொடுக்கிறான். இருவருமே சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

மறுநாள் மத்தியானம். பந்தி. இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள், எதிர் வரிசையில் பெண் வீட்டார். பரிமாற வந்தவரிடம் அதே சித்தப்பா சத்தமாகச் சொல்கிறார்: "இவனுக்கு ரெண்டு இலையா போடுங்க, எங்க வீட்டு ஜேசிபி." வரிசை முழுக்கச் சிரிப்பு. பையனும் சிரிக்கிறான். ஆனால் காது சிவந்துவிட்டது. பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்துபோகிறான்.

சொன்னவர் அவரே. சொல் அதே சொல்தான். நேற்று உறைக்காதது இன்று ஏன் இப்படி உறைத்தது? "நேத்து சிரிச்சானே" என்று சித்தப்பா குழம்புவதில் பொய் இல்லை. அவர் கணக்கில் கேலி மாறவே இல்லை. மாறியது கேட்டவர்கள்.

சுற்றி ஆள் இருப்பதே கூச்சத்துக்குக் காரணம் என்று பொதுவாக நினைக்கிறோம். உளவியல் ஆய்வுகள் அதைவிடக் கூர்மையான ஒன்றைச் சொல்கின்றன. ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993-ல் ஒரு சோதனை முறை உருவாக்கப்பட்டது. வந்தவர் முன்பின் தெரியாத சிலர் எதிரே நின்று ஐந்து நிமிடம் தன்னைப் பற்றிப் பேச வேண்டும். பிறகு ஐந்து நிமிடம், 1022-லிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். தப்பினால் மறுபடி 1022. எதிரே இருப்பவர்கள் தலையாட்ட மாட்டார்கள், புன்னகைக்கவும் மாட்டார்கள். இடையிடையே எச்சிலை எடுத்து, அழுத்தம் வரும்போது உடலில் கூடும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அளப்பார்கள்.

அமெரிக்க ஆய்வாளர் சாலி டிக்கர்சனும் அவருடைய குழுவும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில் இதில் ஒரு மாற்றம் செய்தார்கள். சிலரைத் தனியறையில் பேச வைத்தார்கள். சிலர் பேசும்போது அறையில் ஓர் ஆள் இருந்தார், ஆனால் தன் வேலையில் மூழ்கி, இவரைக் கவனிக்கவே இல்லை. இன்னும் சிலர், தங்களை எடைபோடுகிறவர்கள் முன்னால் பேசினார்கள். எடைபோடப்பட்டவர்களுக்கு மட்டுமே கார்ட்டிசால் ஏறியது. வெறுமனே ஆள் இருந்த அறையில் ஏறவில்லை.

ஆக, உடல் தலைகளை எண்ணுவதில்லை. 'இவர்கள் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வருகிறார்களா?' என்பதுதான் அதன் கேள்வி. சாம்பாருக்குக் காத்திருக்கும் முப்பது பேர் பந்தியில் இருந்தாலும் ஒன்றுமில்லை. அந்த முப்பது பேரும் ஒரே நொடியில் திரும்பிப் பார்த்துச் சிரித்தால், அது முடிவு.

சிரிப்பு இங்கே சாதாரணப் பொருள் இல்லை. நெதர்லாந்தில் மார்தே ஒட்டனும் உடன் ஆய்வாளர்களும், தலையில் மின்முனைகள் பொருத்திய நிலையில், வசவுகளையும் பாராட்டுகளையும் ஆட்களைப் படிக்க வைத்தார்கள். பாதி நேரம் அவற்றோடு ஒரு கூட்டம் சிரிப்பதுபோல் அமைத்திருந்தார்கள். கூட்டம் சிரித்தபோது வசவுக்கு மூளை காட்டிய மின்மாற்றம் கூடியது. 2017-ல் வந்த இந்த ஆய்வு காட்டுவது சின்ன விஷயம்தான், ஆனால் நம் கேள்விக்கு நேர் விடை: சொல் அப்படியே இருக்க, சிரிப்பு சேர்ந்தால் மூளைக்கு அது வேறு சொல்.

நேற்று மாடியில் 'ஜேசிபி' ஒரு மனிதரின் விளையாட்டு. இன்று பந்தியில் சிரித்தவர்கள் ஒவ்வொருவரும் அதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவர்கள் அப்படி நினைத்துச் சிரித்திருக்க மாட்டார்கள். பாதிப் பேர் பக்கத்தில் இருப்பவர் சிரித்ததால் சிரித்திருப்பார்கள். ஆனால் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த வித்தியாசம் தெரிய வழியில்லை.

இன்னொன்றும் நடக்கிறது. பையன் பருமன் என்பது பந்திக்கு வருமுன்பே எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். பெண் வீட்டாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். புதிதாக யாருக்கும் ஒரு தகவலும் கிடைக்கவில்லை. அப்புறம் ஏன் வலி? ஆளாளுக்குத் தெரிந்திருப்பதும், எல்லோருக்கும் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதும் ஒன்றல்ல. முதல் நிலையில், கண்டும் காணாததுபோல் இருக்கலாம். பார்ப்பவர்களும் மரியாதைக்காக அப்படியே இருப்பார்கள். நாகரிகம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தக் காணாதிருத்தல்தான். பொதுவில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், காணாததுபோல் இருக்கும் வசதி எல்லோரிடமிருந்தும் ஒரே சமயத்தில் போய்விடுகிறது. கைல் தாமஸ், ஸ்டீவன் பிங்கர் முதலியோர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஒருவரின் குறை மற்றவருக்குத் தெரிந்திருப்பதைவிட, தெரிந்திருப்பது இரு தரப்புக்கும் வெளிப்படையாகும்போதுதான் கூச்சம் கூடியது.

பையன் ஏன் திருப்பிச் சொல்லவில்லை? நேற்று தொப்பையைப் பற்றிச் சொன்னானே, இன்றும் சொல்லியிருக்கலாமே? இங்கேதான் நம் உறவுமுறை உள்ளே வருகிறது. 1940-ல் மானுடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 'கேலி உறவு' பற்றி எழுதினார். பல சமூகங்களில், இன்ன முறைக்காரர் இன்ன முறைக்காரரைக் கேலி செய்யலாம், கேட்டவர் கோபிக்கக் கூடாது என்று ஏற்பாடே உண்டு. நமக்கு இது புதிதல்ல. மாமன் மச்சான், அத்தை மகன், மாமன் மகள் என்ற முறையில் ஊர் முன்னாலேயே கேலி நடக்கும். மஞ்சள் தண்ணீரை மேலே ஊற்றுவார்கள். அதில் யாருக்கும் பெரிதாகக் காயம் இல்லை, ஏனென்றால் ஊற்றப்பட்டவருக்கும் ஒரு குடம் உண்டு. சித்தப்பா அப்பாவின் இடத்தில் இருப்பவர். மாடியில் தனியாக இருக்கும்போது அந்த எல்லை கொஞ்சம் தளரும். பெண் வீட்டார் முன்னால் தளராது. "உங்க தொப்பை" என்று இன்று சொல்லியிருந்தால், கேலிக்குப் பதில் என்று யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்; மரியாதை தெரியாத பிள்ளை என்றுதான் பேசியிருப்பார்கள்.

பதில் சொல்ல முடியாத இடத்தில் மிச்சமிருப்பது சேர்ந்து சிரிப்பது ஒன்றுதான். அதுவும் செலவில்லாத வேலை அல்ல. முகம் சிவப்பதை மறைக்க முடியாது. பார்வை பட்ட இடத்திலேயே அது ஏறும். ஆஸ்திரேலிய ஆய்வாளர் பீட்டர் டிரம்மண்ட் முகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் ஒருவரை உற்றுப் பார்க்கச் செய்தபோது, அந்தப் பக்கத்தில் இரத்த ஓட்டம் கூடுதலாக இருந்தது. காது சிவக்க, வாய் சிரிக்க, உள்ளே வேறொன்று நடக்கும்படி ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவன் சிரித்ததையே 'அவனுக்கு ஒண்ணும் இல்லை' என்பதற்குச் சாட்சியாகச் சுற்றியிருப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மிகவும் கொடுமையான இடம் இதுதான்.

நேரக் கணக்கும் ஏமாற்றக்கூடியது. 208 ஆய்வுகளைத் தொகுத்து டிக்கர்சனும் மார்கரெட் கெமெனியும் 2004-ல் எழுதிய கட்டுரைப்படி, அழுத்தம் தொடங்கி 21 முதல் 40 நிமிடத்துக்குள்தான் கார்ட்டிசால் உச்சத்தைத் தொடுகிறது. மற்றவர்கள் எடைபோடுவதும், தன்னால் எதுவும் செய்ய முடியாத நிலையும் சேர்ந்தால் ஏற்றம் அதிகம், இறங்கவும் நேரமாகும். பரிசோதனைக்கூடத்து மேடைப் பேச்சையும் பந்திக் கேலியையும் ஒரே தராசில் வைத்துவிட முடியாதுதான். ஆனால் திசை ஒன்றே. கூட்டம் கை கழுவி, பீடா போட்டு, விஷயத்தை மறந்துவிட்ட நேரத்தில்தான் பையனின் உடல் உச்சத்தில் இருக்கக்கூடும். கார் நிறுத்தும் இடத்தில் அம்மா ஏதோ கேட்க, அவன் எரிந்து விழுந்தால், அதற்கும் ஜேசிபிக்கும் உள்ள தொடர்பு யாருக்கும் தெரியாது.

"யாரும் அதையெல்லாம் கவனிக்கலை, விடுடா" என்று ஆறுதல் சொல்வார்கள். இதில் பாதி உண்மை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழுவினர், 2000-ல் வெளியான ஆய்வுக்காக, ஒரு பாடகரின் படம் போட்ட, போடக் கூச்சமான டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். படத்தில் இருப்பவர் யார் என்று கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசிதான். நம்மீது விழும் பார்வையை நாம் மிகையாக எண்ணுகிறோம் என்பது சரி. ஆனால் டி-ஷர்ட்டை யாரும் விரல் நீட்டிக் காட்டவில்லை. சத்தமாகச் செய்யும் கேலி அந்த விரல்தான். ஆகவே 'கவனிக்கவில்லை' என்பது பையனிடம் எடுபடாது. 'கவனித்தவர்கள் நாளைக்கே மறந்துவிடுவார்கள்' என்பது கொஞ்சம் எடுபடலாம், பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளாத வரைக்கும்.

ஒட்டிக்கொள்வதும் கூட்டத்தால்தான். மாடியில் சொன்ன பெயரை இருவர் மறந்தால் போதும், அது செத்தது. பந்தியில் சொன்னதை அடுத்த கல்யாணத்தில் யாரோ ஒருவர் நினைவு வைத்திருந்தாலும் உயிர் வந்துவிடும்.

கனடாவின் டொரன்டோவில் பள்ளி மைதானங்களில் குழந்தைகளை ஆய்வாளர்கள் படம்பிடித்துக் கவனித்து, 2001-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சீண்டலும் கொடுமையும் நடந்த தருணங்களில் பத்தில் ஒன்பதுக்குச் சற்றுக் குறைவானவற்றில் வேறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தில் ஒன்றில்தான் யாராவது குறுக்கிட்டார்கள். குறுக்கிட்டவற்றில் பாதிக்கு மேல், பத்து விநாடிக்குள் சீண்டல் நின்றது. குறுக்கிட்டவர்கள் ஆசிரியர்களோ பெரியவர்களோ அல்ல, கூடப் படிக்கும் பிள்ளைகள்.

பந்தி வரிசையிலும் அதற்கு இடம் உண்டு. சண்டை போட வேண்டியதில்லை, சித்தப்பாவைக் கண்டிக்கவும் வேண்டாம். பக்கத்து இலையில் இருக்கும் அத்தை சிரிக்காமல், "அந்த அவியலை இந்தப் பக்கம் கொண்டாங்க, எங்க ரெண்டு பேருக்கும் வைங்க" என்று பரிமாறுபவரைக் கூப்பிட்டால் போதும். முப்பது தலைகளும் அவியல் பக்கம் திரும்பும். பையன் பாயசம் வரும்வரை உட்கார்ந்திருப்பான்.